பதினெட்டாம் எண் குழி

அவர் போன முப்பத்தோராம் நாள் காலையில்தான் அவள் பில் ஃபைலைத் திறந்தாள். அதுவரை அது கம்ப்யூட்டர் மேசையில் அவர் வைத்த கோணத்திலேயே கிடந்தது. மகள் இரண்டு தடவை தூசி தட்டியபோதும் ஃபைலைச் சுற்றித் தட்டினாளே தவிர நகர்த்தவில்லை.

கட்டட ஒப்பந்த நிறுவனம் அவள் பேரில்தான் பதிவாகியிருந்தது. கல்யாணமான புதிதில், "என் பேருக்கு ராசி பத்தாது, உன் பேர்ல ஆரம்பிப்போம்" என்று அவர்தான் படிவத்தை நீட்டினார். ஆனால் கட்டட வேலை என்றால் எல்லோருக்கும் அவர்தான். இடுப்பு பெல்ட்டில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். வேலையாட்கள் வைத்த பேர் டேப்பண்ணன். கட்டில் வாங்கப் போன கடையில், ஆறடி என்று எழுதி ஒட்டியிருந்த கட்டிலை அளந்து பார்த்து, "அரை அங்குலம் கம்மி" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு நின்றவர். அன்றைக்கு அவளுக்கு மானம் போயிற்று. ஆனாலும் அந்தக் கட்டிலைத்தான் வாங்கினார்கள்.

அவர் அளப்பார், அவள் டைப் அடிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். சைட்டிலிருந்து வந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்துப் போடுவார். நீளம், அகலம், ஆழம். அவள் அதைப் பட்டியலாக்கி, ஒப்பந்தத்தில் உள்ள விலைகளோடு பெருக்கி, ரன்னிங் பில்லாக ஆக்குவாள். கட்டடம் முடியும்வரை காத்திருக்க யாராலும் முடியாது. அதனால் மாதம் ஒரு தடவை, இதுவரை இவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டடம் கட்டச் சொன்னவர்களின் இன்ஜினியர் வந்து அளந்து பார்த்து, சரிதான் என்று இடைக்காலச் சான்று தருவார். அந்தத் தாள் போனால்தான் அந்தப் பக்கத்திலிருந்து பணம் வரும்.

இந்த முறை கட்டுவது ஒரு பள்ளிக்கூடத்துக்கான நூலகக் கட்டடம். முதல் மாதம் வேலை கொஞ்சம்தான் நடந்திருந்தது. ஒப்பந்தத்தில் சொன்ன குறைந்தபட்சத் தொகை எட்டாததால் பில் போட முடியவில்லை. இரண்டாம் மாதம் பில் கொடுக்க வேண்டிய கடைசி நாள் இருபத்தைந்தாம் தேதி. இருபத்து மூன்றாம் தேதி காலையில், செருப்பைப் போட்டுக்கொள்ள வாசலில் குனிந்தவர் நிமிரவில்லை.

அதற்கப்புறம் மேஸ்திரிதான் இருந்த சாமான்களை வைத்துத் தரைமட்ட பீம்வரை வேலையை இழுத்துக்கொண்டு போனான். பதினைந்து வருஷமாக அவரோடு இருப்பவன். அவருக்குத் தம்பி மாதிரி என்று சொன்னால், சொந்தத் தம்பிக்குக் கோபம் வரும், அவ்வளவு நெருக்கம். இப்போது சிமென்ட்டும் தீர்ந்துவிட்டது. வேலையாட்கள் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். மீதிப் பேர் அண்ணனுக்காக நிற்கிறார்கள் என்று மேஸ்திரி போனில் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த இருபத்தைந்தாம் தேதிக்கு இரண்டே நாள் இருந்தது.

ஃபைலைத் திறந்தாள். அவர் கையெழுத்து. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு கோடு போடுவார். முதல் தாளிலேயே நாலு ஏழு இருந்தது. அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து டைப் அடிக்க ஆரம்பித்தாள்.

இருபத்தைந்தாம் தேதி பில்லைக் கொடுத்தாள். மூன்றாம் நாள் இன்ஜினியர் அளக்க வந்தார்.

முப்பது வயதைத் தாண்டாத ஆள். பள்ளி நிர்வாகத்தின் சார்பில் வேலையை மேற்பார்க்கப் புதிதாக வந்தவர். முன்பிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புதியவர் தகர ஷெட்டில் அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "சாரைப் பத்திக் கேள்விப்பட்டேன்மா. ரொம்ப வருத்தம்" என்றார். பிறகு பில்லைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிட்டார். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அனுதாபப்பட்டு அளவை ஏற்றிப் போடுகிறவர்களை அவள் வீட்டுக்காரருக்கும் பிடிக்காது.

மேஸ்திரி டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, இன்ஜினியர் மறுமுனையைப் பிடிக்க, அவள் குறித்துக்கொண்டே வந்தாள். பீம், தூண், மண் நிரப்பியது எல்லாம் பில்லோடு ஒத்துப்போயின. கிடங்கில் இருந்த கம்பியையும் எண்ணிக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று அவள் நினைத்தபோது இன்ஜினியர் பேனாவை மூடினார்.

"அஸ்திவாரக் குழி இருபத்து நாலு. அதுல பதினெட்டு குழிக்குக் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு. வரைபடத்துல உள்ளபடி ஆறடி. ஒண்ணும் பிரச்சனை இல்ல. மீதி ஆறு குழிக்கு நீங்க எட்டடின்னு போட்டிருக்கீங்க."

"அங்க மண் இளகலா இருந்துதுங்க. இன்னும் கீழ போகச் சொல்லிப் பழைய இன்ஜினியர்தான் சொன்னாராம்."

"சொன்னது வாஸ்தவம். அவர் டைரியில இருக்கு. 'ஆறு குழியில் மண் சரியில்லை, கெட்டி மண் வரும்வரை தோண்டவும்'னு எழுதியிருக்கார். எவ்வளவு தோண்டினீங்கன்னு எழுதல. கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி அளந்து கையெழுத்து வாங்கியிருக்கணும். வாங்கல. இப்ப எல்லாம் மண்ணுக்குள்ள போயிடுச்சு."

பழைய இன்ஜினியருக்கு அவள் எதிரிலேயே போன் போட்டார்கள். ஆழமாகப் போனது ஞாபகம் இருக்கிறது, எத்தனை அடி என்று இனிமேல் எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை என்று அவர் நழுவிக்கொண்டார்.

"கண்ணால பாக்காத ஒண்ணுக்கு நான் எப்படிம்மா சான்று தர்றது?" என்றார் இன்ஜினியர். "பக்கத்துல தோண்டிப் பாக்கலாம். நீங்க சொன்ன ஆழம் இருந்தா தோண்டுற செலவு ஸ்கூலுது. இல்லன்னா உங்களுது. ஆனா அதுல நாள் போகும். இல்ல, அந்த ஆறுக்கும் இப்போதைக்கு ஆறடி மட்டும் எடுத்துக்கறேன். பின்னால ஆதாரம் கிடைச்சா அடுத்த சான்றுல சேத்துக்கலாம். போட்டோ ஏதாவது இருக்கா?"

அவள் வாயைத் திறப்பதற்கு முன் மேஸ்திரி குறுக்கே பேசினான்.

"விட்டுடலாம் அண்ணி. ரெண்டடிதானே. ஆறடிக்கே வாங்கிக்கலாம்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கால் அங்குலத்துக்கு மல்லுக்கு நிற்கிறவரிடம் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன், ஆறு குழியில் இரண்டிரண்டு அடியை விடச் சொல்கிறான். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"போட்டோ இருந்தா நாளைக்குக் கொண்டு வர்றேங்க" என்றாள்.

ஆட்டோவில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். குழியை எட்டடி தோண்டவே இல்லையோ? அவரை ஏமாற்றி இவன் கூலி வாங்கிவிட்டானோ? அல்லது, நினைக்கவே கூசியது, அவருக்கும் தெரிந்தே எழுதிய கணக்கோ? செத்துப்போன மனுஷனைச் சந்தேகப்படுகிறோமே என்று அழுகை வந்தது.

அவருடைய போன் பீரோவில் துணிக்கு நடுவில் இருந்தது. மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையிலேயே வைத்திருந்தாள். சார்ஜ் ஏறக் கால் மணி நேரம் ஆயிற்று. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். மதிய வெயில் சமையலறை வரைக்கும் வந்திருந்தது. கடவு எண் அவளுக்குத் தெரியும். மகள் பிறந்த தேதிதான்.

படங்கள் எல்லாமே குழிகள். கம்பி, சிமென்ட் மூட்டை, மறுபடியும் குழி. இருநூறு படம் தள்ளினால் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில், டீக்கடை பெஞ்சில் தூங்கும் மேஸ்திரியைத் திருட்டுத்தனமாக எடுத்த படம். அதற்குச் சிரித்தேவிட்டாள். பிறகு வீடியோக்கள் வந்தன.

"மூணாம் நம்பர் குழி. தேதி பதினொண்ணு. மேல் மட்டத்துலேருந்து... டேய், டேப்பை நேராப் பிடி, கோணலாப் பிடிச்சா கோணலாத்தான் சொல்லும்... எட்டடி. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. கெட்டி மண்ணு. நல்லாப் பாத்துக்குங்க."

யாரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரோ. அவள் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவர் குரலைக் கேட்டு முப்பத்தைந்து நாளாகியிருந்தது. இன்னொரு தடவை போட்டாள். அப்புறம் நாலாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், பத்தாம் நம்பர், பதினேழு. ஒவ்வொன்றிலும் டேப் குழிக்குள் இறங்கும், எண் பளிச்சென்று தெரியும், அவர் வாயால் சொல்வார். எல்லாமே எட்டடி. அவரும் பொய் சொல்லவில்லை, மேஸ்திரியும் ஏமாற்றவில்லை. பிறகு எதற்கு அவன் விட்டுவிடச் சொன்னான் என்று யோசித்துக்கொண்டே கடைசி வீடியோவைத் தொட்டாள்.

"பதினெட்டாம் நம்பர் குழி. மாடிப்படிக்குக் கீழ வர்றது. இதுதான் பெருசு. மேல் மட்டத்துலேருந்து..."

குரல் நின்றது. மூச்சு வாங்கும் சத்தம். டேப்பில் எண் தெரிந்தது. எட்டடி ஆறங்குலம். "எட்டரை" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு படம் ஆடியது. குழி போய், மண்ணும் அவருடைய செருப்புக் காலும் தெரிந்தன. உட்கார்ந்துவிட்டார். நிறுத்த மறந்துபோய்க் கையில் பிடித்திருக்கிறார். போன் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னண்ணே? என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது?" மேஸ்திரியின் குரல்.

"ஒண்ணுமில்லடா. நெஞ்சுமேல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் இரு, போயிடும். நேத்தும் இப்படித்தான் வந்துட்டுப் போச்சு."

"வாங்கண்ணே, டாக்டர்கிட்ட போயிடலாம். வண்டிய எடுக்கறேன்."

"இப்ப ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டான்னா யார்றா அளக்கறது? இருபத்தஞ்சு தாண்டினா இன்னும் ஒரு மாசம். பில்லைக் குடுத்துட்டு மறுநாளே போறேன், போதுமா? வீட்டுல மட்டும் மூச்சு விட்டுடாத. அவ பில்லைக் கிழிச்சுப் போட்டுட்டு என்னை இழுத்துட்டுப் போயிடுவா."

சிரிப்பு மாதிரி ஒன்று. அதோடு நின்றது.

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். இந்த வீடியோவும் பதினொன்றாம் தேதி எடுத்தது. அன்றைக்குச் சாயந்திரம் அவர் சாப்பாடு வேண்டாம் என்றது ஞாபகம் வந்தது. வயிறு மந்தமாக இருக்கிறது என்றார். அவள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "கண்ட கடையில கண்டதைத் தின்னா அப்படித்தான் இருக்கும். போய்ப் படுங்க" என்றாள். பதினொன்றிலிருந்து இருபத்து மூன்று வரைக்கும் பன்னிரண்டு நாள் இருந்திருக்கிறது.

மகள் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. எழுந்தாள்.

மறுநாள் காலையில் சைட்டுக்குப் போனபோது மேஸ்திரி தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றிருந்தான். அவள் கையில் அவருடைய போனைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"பாத்துட்டீங்களா அண்ணி?"

"பாத்துட்டேன்."

"அண்ணன் போனை நிறுத்தினப்பதான் அது ஓடிட்டிருந்ததே எனக்குத் தெரியும். நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்." அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். "சத்தியம் வாங்கிட்டார் அண்ணி. தினமும் கேட்டேன். இன்னைக்கு எப்படி இருக்கு, இன்னைக்கு எப்படி இருக்குன்னு. சரியாப் போச்சுடான்னார். அளவெடுக்க ஓடியாடி நடந்தார். நானும் சரியாத்தான் போச்சுன்னு நெனச்சேன்."

"ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தீன்னா போதும். நான் கிழிச்சிருப்பேன்." அவள் குரல் உயர்ந்தது. செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவர் சொன்ன மாதிரியே கிழிச்சுப் போட்டுட்டு இழுத்துட்டுப் போயிருப்பேன். என்னை அவ்வளவு சரியாத் தெரிஞ்சு வெச்சிருந்த மனுஷனுக்கு..."

அவன் அழுதான். அவள் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்லவும் மனசு வரவில்லை, திட்டவும் தெம்பு இல்லை. அதனால்தான் விட்டுவிடச் சொன்னான் என்று மட்டும் புரிந்தது. இதை அவள் கேட்காமலே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான்.

"அந்த ஒண்ணை மட்டும் குடுக்காதீங்க அண்ணி" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மத்த அஞ்சும் போதும். அதையெல்லாம் வேத்து மனுஷங்க கேக்கணுமா?"

அவளும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். ஐந்தைக் கொடுத்தால் ஐந்துக்குச் சான்று கிடைக்கும். பதினெட்டாம் எண்ணுக்கு ஆறடியோடு போகும். அந்த ஒரு குழியே மற்ற குழிகளில் இரண்டைச் சேர்த்த அளவுக்குப் பெரியது. ஆனால் இப்போது தடுத்தது தொகை இல்லை. அந்த எட்டடி ஆறங்குலத்தைச் சொல்வதற்காக அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதை யாருக்கும் தெரியாமல் ஆறடி என்று எழுதிவிட்டுப் போவதா?

ஷெட்டுக்குள் போனாள். இன்ஜினியர் ஐந்து வீடியோக்களையும் பார்த்தார். தேதியைச் சரிபார்த்தார். டேப்பில் எண் தெரியும் இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "ரொம்பச் சுத்தமா எடுத்திருக்கார்" என்றார்.

"இது கடைசி" என்று ஆறாவதை வைத்தாள். "வெட்டிக் குடுத்தா ஒத்துக்குவீங்களா?"

"வெட்டினா ஆதாரம்னு சொல்ல முடியாதும்மா. முழுசா இருக்கணும்."

"அப்ப முழுசாவே பாருங்க."

அவள் வெளியே போகவில்லை. எதிரில் உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படிக்குக் கீழே சின்னக் கட்டம், அதற்குள் பதினெட்டு. அவர் குரல் ஷெட்டுக்குள் கேட்டது. எட்டரை என்றது. இன்ஜினியர் எழுதிக்கொண்டே, "போதும்மா" என்று நிறுத்தக் கை நீட்டினார். அதற்குள் மேஸ்திரியின் குரல் வந்துவிட்டது. நீட்டிய கை அப்படியே நின்றது. வீட்டுல மட்டும் மூச்சு விட்டுடாத. பில்லைக் கிழிச்சுப் போட்டுட்டு. சிரிப்பு.

வீடியோ நின்ற பிறகு இன்ஜினியர் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பாவும் இப்படித்தான்மா" என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார். பிறகு பில்லைப் புரட்டிப் பார்த்து, "எட்டடி ஆறங்குலம். உங்க பில்லுல எட்டடின்னுதான் இருக்கு" என்றார்.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஆமாம். அவர் எழுதிய தாளில் எட்டரை என்றிருந்தது. மற்ற ஐந்தையும் எட்டு எட்டு என்று அடித்த வேகத்தில் அவள் அதையும் எட்டாக அடித்திருக்கிறாள். அவர் இருந்திருந்தால் இதற்கு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

"திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் இன்ஜினியர். "அளந்ததுதான் கணக்கு. நீங்க கம்மியா கேட்டீங்கன்னு நான் கம்மியா தர முடியாது."

எட்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் சாயந்திரம் சான்று மின்னஞ்சலில் வந்தது. அப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது மகள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! சான்று வந்துடுச்சு. அப்பா பில்லு பாஸ் ஆயிடுச்சு." மகளின் குரலில் இந்த ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு இருந்தது. சத்தமாகப் படித்தாள். இதுவரை முடிந்த வேலையின் மதிப்பு, கிடங்கில் உள்ள சாமான்கள், பிடித்தம் ஐந்து சதவீதம், முன்பணத்தில் கழித்தது, இப்போது தர வேண்டியது. ஒன்றும் குறையவில்லை. மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டும், ஆட்களைக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தபோது மகள் கீழே இருந்த குறிப்புக்கு வந்துவிட்டாள்.

"'குழி எண் பதினெட்டு: மறைந்த தங்கள் கணவர் எடுத்த வீடியோ பதிவின் அடிப்படையில் எட்டடி ஆறங்குலம் ஏற்கப்பட்டது.' என்ன வீடியோம்மா? அப்பா வீடியோவா? அப்பா பேசறாரா அதுல?"

அவள் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். அளவெடுத்த வீடியோதான், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். மற்ற ஐந்தைக் காட்டினால் போதும். மேஸ்திரி வாயைத் திறக்க மாட்டான். அந்த இன்ஜினியர் இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை. ஒரு நிமிஷம் அதுதான் சரி என்றே பட்டது. சின்னப் பெண், எதற்குத் தெரிய வேண்டும்.

பிறகு பீரோவைத் திறந்து போனை எடுத்து வந்தாள்.

"அஞ்சு நல்லாருக்கும். உங்கப்பா மேஸ்திரிய திட்டறது கூட இருக்கு. ஆறாவதைக் கேட்டா உனக்குத் தாங்காது. எனக்குத் தாங்கல. ஆனா உங்கிட்ட மறைக்க மாட்டேன். பாக்கறதா இருந்தா பாரு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

மகள் பார்த்தாள். ஐந்தாவது வரைக்கும் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தாள். ஆறாவது முடிந்ததும் போனைக் கட்டில்மேல் வைத்தாள். அழவில்லை. அம்மா அவள் தோளில் கை வைத்தபோது அதைத் தட்டிவிட்டாள்.

"ஒரு பில்லுக்காம்மா?" என்றாள். "ஒரு பில்லுக்காகவா?"

கம்ப்யூட்டரில் சான்று இன்னும் திறந்தே இருந்தது. அவள் கட்டிலில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்லலாம் என்று தேடிப் பார்த்தாள். உன் ஃபீஸுக்காக என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. அதைச் சொன்னால் இந்தப் பெண் ஆயுசுக்கும் சுமப்பாள். ஆட்களுக்காக என்று சொல்லலாம். தன்மேல் அவருக்குக் கொஞ்சம் பயம், கொஞ்சம் பிரியம், அதனால்தான் என்று சொல்லலாம்.

மகள் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை அவளிடம் இல்லை, போனிடம்.